கார்டில் விற்றால் பிடித்தம், போனில் வந்தால் முழுப்பணம்: கடைக்காரர் தன் கணக்கைச் சரிபார்க்கும் முறை

கிருஷ்ணகிரியில் சில கடைகளுக்கு மாதக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாதம் பிறந்து முதல் வாரத்தில் எந்தக் கடைக்குப் போனாலும் ஒரே கேள்வி வரும். பழையபேட்டையில் மிக்சி, ஃபேன் விற்கும் ஒரு அண்ணன் போன மாதம் இப்படிக் கேட்டார்: "தம்பி, போன்ல நூத்தியிருபது ரூபா போட்டா நூத்தியிருபதும் வந்துடுது. மெஷின்ல ஆறாயிரம் தேய்ச்சா மட்டும் ஏன் குறையுது? நம்ம காசைப் பிடிக்க அவங்க யாரு?"

வாயால் பதில் சொன்னால் யாருக்கும் மனதில் நிற்பதில்லை. ஒரே ஒரு நாளின் பில்களை எடுத்து, ஒவ்வொரு பில்லிலும் எவ்வளவு பிடித்தார்கள், ஏன் பிடித்தார்கள் என்று பார்த்துவிட்டால் புரிந்துவிடும். அப்புறம் தவறாகப் பிடித்திருந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அந்த அண்ணனின் கடையில் நாங்கள் உட்கார்ந்து பார்த்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் வேண்டியது மெஷின் கொடுத்த வங்கியோ நிறுவனமோ அனுப்பும் வியாபாரி ஸ்டேட்மென்ட். பாஸ்புக் இதற்கு உதவாது. பிடித்தம் போக மிச்சம் வந்த தொகைதான் பாஸ்புக்கில் ஒரே வரியாக இருக்கும். எந்தப் பில்லில் எவ்வளவு பிடித்தார்கள் என்பது அதில் தெரியாது. வியாபாரி ஸ்டேட்மென்ட் மின்னஞ்சலில் வரும், இல்லையென்றால் அவர்களுடைய செயலியில் இருக்கும். அதில் ஒவ்வொரு பில்லுக்கும் எதிரே `MDR` என்று ஒரு கட்டம் இருக்கும். கடைக்காரரிடம் பிடிக்கும் கட்டணத்துக்கு அதுதான் பெயர். எல்லோரும் எம்.டி.ஆர். என்றே சொல்கிறார்கள்.

இரண்டாவது, மெஷின் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் உள்ள கட்டணப் பட்டியல். அதைத் தொலைத்திருந்தால் வங்கியில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை சதவீதம் என்று எழுத்தில் இல்லாமல் சரிபார்க்க உட்காருவதில் பயனில்லை.

மூன்றாவது, கடையின் போன நிதியாண்டு மொத்த விற்பனை. அது 20 லட்சத்துக்குள்ளா, மேலா என்பது மட்டும் தெரிந்தால் போதும். எதற்கு என்பது நான்காம் படியில் வரும்.

சரிபார்க்க ஒரு சாதாரண செவ்வாய், புதன்கிழமையை எடுங்கள். கார்டுப் பணம் பெரும்பாலும் அடுத்த வேலைநாளில்தான் கணக்குக்கு வரும். போச்சம்பள்ளிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நாளில்தான் விற்பனை அதிகம் என்பதற்காக அந்த நாளை எடுத்தால், சனி, ஞாயிறு இரண்டு நாள் பணமும் சேர்ந்து வந்து குழப்பும். புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் தடுக்கி விழுவது இங்கேதான். "ஞாயிறு விற்றதைவிட அதிகமாக வந்திருக்கிறதே" என்று ஒருவர், "சனிக்கிழமைப் பணமே வரவில்லை" என்று இன்னொருவர்.

## 2. கணக்குப் போடும் முன் பில்களைப் பிரியுங்கள்

அந்த அண்ணனின் கடையில் நாங்கள் எடுத்த நாளில் ரொக்கம் போக ஐந்து பில்கள் இருந்தன.

- மிக்சி, 6,000 ரூபாய், கிரெடிட் கார்டு
- இஸ்திரிப் பெட்டி, 1,500 ரூபாய், விசா டெபிட் கார்டு
- டேபிள் ஃபேன், 3,000 ரூபாய், ரூபே டெபிட் கார்டு
- பல்பு, 120 ரூபாய், போனில் ஸ்கேன்
- அடுப்பு, 2,500 ரூபாய், போனில் ஸ்கேன்

அவர் முதலில் இதை "மெஷின், போன்" என்று இரண்டாகத்தான் பிரித்திருந்தார். அப்படிப் பிரித்தால் கணக்குப் பொருந்தவே பொருந்தாது. கட்டணம் கருவியைப் பொறுத்து வருவதில்லை. அந்தப் பணம் எங்கிருந்து கிளம்பி வந்தது என்பதைப் பொறுத்தது. வாடிக்கையாளர் வங்கியில் போட்டு வைத்த சொந்தப் பணமா, வங்கி அவருக்குக் கொடுத்த கடனா? சொந்தப் பணம் என்றால், அது எந்த வழியாக வந்தது? இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால்தான் பில்லைச் சரியான குவியலில் வைக்க முடியும்.

மெஷினில் வந்த பில்லுக்கு இது சுலபம். ஸ்லிப்பிலேயே `VISA CREDIT`, `RUPAY DEBIT` என்பது போல அச்சாகியிருக்கும், இல்லாவிட்டால் ஸ்டேட்மென்டில் இருக்கும். மெஷின் மேல் கார்டைத் தொட்டுக் காட்டினாலும், செருகி ரகசிய எண் போட்டாலும் வகை ஒன்றுதான். தொட்டுக் காட்டினால் இலவசம் என்று நினைத்துக்கொண்டிருந்த கடைக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

## 3. கிரெடிட் கார்டு பில்லை முதலில் பாருங்கள்

முதலில் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறையும் பணத்தில் பெரும்பங்கு இங்கேதான் போகிறது. இது ஏன் என்று புரிந்தால் மற்றது தானாகப் புரியும்.

அந்த அண்ணனின் ஒப்பந்தத்தில் கிரெடிட் கார்டுக்கு 1.90 சதவீதம் என்று இருந்தது. கிரெடிட் கார்டுக்கு இவ்வளவுதான் வாங்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உச்சவரம்பு எதையும் வைக்கவில்லை. அதனால் கடைக்குக் கடை, கார்டுக்குக் கார்டு வேறுபடும். உங்கள் ஒப்பந்தத்தில் உள்ள எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு.

```
கட்டணம் = 6000 × 1.90 / 100 = 114.00
வரி = 114.00 × 18 / 100 = 20.52
கைக்கு வருவது = 6000 − 114.00 − 20.52 = 5865.48
```

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, 18 சதவீதத்தை விற்பனைத் தொகையின் மேல் போடுவது. 6,000-க்குப் போட்டால் 1,080 வரும். அதைப் பார்த்து ஒருவர் பயந்துபோய் மெஷினையே திருப்பிக் கொடுக்கக் கிளம்பினார். வரி கட்டணத்துக்கு மட்டும்தான்.

சரி, இந்த 114 ரூபாய் யாருக்குப் போகிறது? மூன்று பேருக்கு. பெரும்பங்கு வாடிக்கையாளருக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. ஒரு சிறு பங்கு விசா, மாஸ்டர்கார்டு, ரூபே போன்ற நெட்வொர்க்குக்கு. மிச்சம், உங்களுக்கு மெஷின் கொடுத்தவர்களுக்கு. எல்லோரும் மெஷின் கொடுத்த வங்கி மேல்தான் கோபப்படுகிறார்கள். ஆனால் அந்த வங்கி, வாங்கியதில் பெரும்பகுதியைக் கார்டு கொடுத்த வங்கிக்குக் கட்டிவிடுகிறது.

கார்டு கொடுத்த வங்கிக்கு ஏன் பெரும்பங்கு? அன்று மிக்சி வாங்கியவர் தன் பணத்தைக் கொடுக்கவில்லை. வங்கி தன் பணத்தை மறுநாளே உங்களுக்குக் கொடுத்துவிட்டது. அவரிடமிருந்து அது திரும்ப 45, 50 நாள்கூட ஆகலாம். அதுவரை வட்டி இல்லை. அவர் கட்டாமல் போனால் நட்டம் வங்கிக்கு, உங்களுக்கு இல்லை. அவருக்கு ரிவார்டு பாயின்ட் வேறு கொடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆகும் செலவில் ஒரு பகுதியை அந்த 114 ரூபாயில் எடுக்கிறார்கள்.

அந்த அண்ணனிடம் கடன் நோட்டை எடுக்கச் சொன்னேன். காவேரிப்பட்டணம் பக்கம் ஒருவர் ஃபேன் வாங்கி ஒரு வருடமாகப் பாக்கி. "மாங்கா வித்துக் கொடுக்கிறேன்" என்றவர் இந்த சீசனும் கொடுக்கவில்லை. "அண்ணா, மிக்சியும் கடன் வியாபாரம்தான். அந்தக் கடனை இங்கே நோட்டில் எழுதாமல் வங்கி தன் நோட்டில் எழுதிக்கொள்கிறது. அதற்குத்தான் நூற்றிப் பதினாலு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அப்படியானால் கடன் வாங்குபவரிடமே அதை வாங்கலாமே, கடைக்காரரிடம் ஏன்? நியாயமான கேள்விதான். கார்டை நீட்டும் ஒவ்வொரு முறையும் கூடுதலாகக் காசு போகும் என்றால் பலர் கார்டையே எடுக்க மாட்டார்கள். கார்டு எடுப்பவர்கள் இல்லையென்றால் கடைக்காரருக்கு மெஷினால் பயனில்லை. கடைக்காரரோ விற்பனை கைநழுவிப் போவதைவிடக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கத் தயாராக இருப்பார். அதனால் விலகிப் போகாத பக்கத்தின் மேல் கட்டணத்தை வைத்துவிட்டார்கள். வாங்குபவருக்கு அது கண்ணில் படுவதே இல்லை.

இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். கட்டணம் உங்கள் லாபத்தின் மேல் இல்லை, விற்பனைத் தொகையின் மேல். 6,000 ரூபாய் மிக்சியில் அவருக்கு 600 ரூபாய் நிற்கிறது என்று வைத்தால், பிடித்தம் 134.52. லாபத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே போய்விட்டது. இதே மளிகைக் கடையில் எண்ணெய் டின்னுக்கு நூற்றுக்கு நான்கு ரூபாய்தான் நிற்கிறது என்றால், பாதிக்கு மேல் போய்விடும். ஒரே கட்டணம் ஒரு கடைக்குச் சின்னதாகவும் இன்னொரு கடைக்குப் பெரிதாகவும் தெரிவது இதனால்தான்.

ஜி.எஸ்.டி.யில் வழக்கமான முறையில் பதிந்த கடையாக இருந்தால் அந்த 20.52-ஐ உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் கழிக்க முடியாது, அதுவும் செலவுதான்.

## 4. டெபிட் கார்டு பில்களில் இரண்டு கேள்வி கேளுங்கள்

டெபிட் கார்டில் கடன் கிடையாது. வாடிக்கையாளரின் கணக்கில் இருக்கும் பணம்தான் வருகிறது. அதனால் கட்டணமும் குறைவு, அதற்கு ரிசர்வ் வங்கியின் உச்சவரம்பும் உண்டு. 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, போன நிதியாண்டில் 20 லட்சம் வரை விற்ற கடைக்கு மெஷினில் அதிகபட்சம் 0.40 சதவீதம். அதற்கு மேல் விற்ற கடைக்கு 0.90 சதவீதம். ஒரு பில்லுக்கு முதல் வகையில் 200 ரூபாய்க்கு மேலும், இரண்டாவது வகையில் 1,000 ரூபாய்க்கு மேலும் பிடிக்கக் கூடாது.

முதல் கேள்வி: கார்டு ரூபேவா? 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்குக் கட்டணம் கிடையாது என்று மத்திய அரசு சட்டத்தாலேயே நிறுத்திவிட்டது. ஆகவே ஃபேனுக்கு வந்த 3,000 ரூபாய் முழுதாக வர வேண்டும். இஸ்திரிப் பெட்டிக்கு விசா டெபிட் கார்டு. அந்த அண்ணனின் கடை 20 லட்சத்துக்கு மேல் விற்கிறது. 1,500-க்கு 0.90 சதவீதம், 13.50 ரூபாய். இதற்கு ஜி.எஸ்.டி. இல்லை, ஏனென்றால் 2,000 ரூபாய் வரையிலான கார்டு பில்லின் கட்டணத்துக்கு அந்த வரியிலிருந்து விலக்கு உண்டு.

இரண்டு கார்டிலும் வந்தது வங்கிக் கணக்கில் இருந்த பணம்தான். மெஷினும் அதே மெஷின். ஒன்றில் பிடித்தம், ஒன்றில் இல்லை. இங்கே வித்தியாசம் செலவால் வரவில்லை, சட்டத்தால் வந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டால் அடுத்த படி சுலபம்.

இரண்டாவது கேள்வி: உங்கள் கடையை எந்த வகையில் பதிந்திருக்கிறார்கள்? இதைப் பலர் கேட்பதே இல்லை. ஊத்தங்கரைப் பக்கம் ஒரு சின்ன ஜவுளிக்கடை. வருட விற்பனை 14 லட்சம்தான். மெஷின் கொடுக்க வந்தவர் விண்ணப்பத்தில் விற்பனையைக் கேட்காமல் தானே எதையோ எழுதிக்கொண்டு போய்விட்டார். டெபிட் கார்டு பில் எல்லாவற்றுக்கும் 0.90 பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1,500 ரூபாய் புடவைக்கு 6 ரூபாய் போக வேண்டிய இடத்தில் 13.50 போனது. ஒரு பில்லில் இது கண்ணில் படாது. வருடத்துக்கு 3 லட்சம் டெபிட் கார்டில் விற்றால் 1,500 ரூபாய் வீணாகப் போயிருக்கும். கடைக்காரர் போன வருடத்து விற்பனைக் கணக்கைக் கொடுத்து எழுத்தில் கேட்டபின் மெஷின் கொடுத்தவர்கள் சரிசெய்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. ரூபே என்று கண்டதும் இலவசம் என்று வைத்துவிடாதீர்கள். ரூபே டெபிட்டுக்குத்தான் விலக்கு. ரூபே கிரெடிட் கார்டை மெஷினில் தேய்த்தால் மூன்றாம் படியில் சொன்னது போலவே பிடிப்பார்கள்.

## 5. போனில் வந்த சின்னத் தொகையைப் பாருங்கள்

பல்புக்கு வந்த 120 ரூபாய் யு.பி.ஐ. வழியாக வாங்குபவரின் வங்கிக் கணக்கிலிருந்து நேராக வந்தது. பிடித்தம் எதுவும் இல்லை, இருக்கவும் கூடாது. ரூபே டெபிட்டுக்குச் சொன்ன அதே 2020 ஜனவரி 1 சட்டம்தான் இதற்கும். யு.பி.ஐ. பணத்துக்கு வங்கியோ இடையில் உள்ள நிறுவனமோ நேராகவும் சுற்றிவளைத்தும் கட்டணம் வாங்கக் கூடாது என்பது அந்த விதி.

இதிலிருந்து, போனில் பணம் அனுப்பச் செலவே ஆகாது என்று நினைக்க வேண்டாம். வாங்குபவரின் வங்கி, உங்கள் வங்கி, இடையில் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம், ஸ்கேன் செய்யும் செயலி, இத்தனை பேரும் அந்த 120 ரூபாய்க்காகச் சில விநாடி வேலை செய்கிறார்கள். கம்ப்யூட்டர், ஆள், மோசடித் தடுப்பு எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. அந்தச் செலவைக் கடைக்காரர் தலையில் வைக்காதே என்று அரசு சொல்லிவிட்டது. கடன் இல்லாததால் கிரெடிட் கார்டில் இருக்கும் பெரிய செலவு இதில் இல்லை என்பதும் உண்மை. மிச்சச் செலவை வங்கிகளும் செயலிகளும் தாங்குகின்றன, ஒரு பகுதிக்கு அரசு தன் பட்ஜெட்டிலிருந்து ஊக்கத்தொகை கொடுத்து வந்திருக்கிறது.

அது எவ்வளவு என்று ஒரு உதாரணம். 2024-25 நிதியாண்டுக்கு மத்திய அமைச்சரவை 1,500 கோடி ரூபாயில் ஒரு திட்டத்தை 2025 மார்ச்சில் ஏற்றது. அதன்படி சின்ன வியாபாரிகளுக்கு 2,000 ரூபாய் வரை வரும் யு.பி.ஐ. பணத்துக்கு 0.15 சதவீதம். தர்மபுரி பேருந்து நிலையம் பக்கம் ஒரு காய்கறிக் கடையில் அந்த வருடம் 120 ரூபாய் ஸ்கேன் செய்திருந்தால் 18 பைசா. அதையும் வங்கிகளும் செயலியும் தங்களுக்குள் பிரித்துக்கொள்ள வேண்டும். மிக்சிக்குப் பிடித்த 114 ரூபாய் கடைக்காரர் கையிலிருந்து போனது. இந்த 18 பைசா வரிப்பணத்திலிருந்து போனது. போனில் வந்தால் ஏன் பிடிக்கவில்லை என்ற கேள்விக்கு நேரான பதில் இதுதான்.

இந்த 2,000 என்ற எண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். கடைக்காரர்கள் கேட்கும் சந்தேகங்களில் பாதி இதில்தான். "ரெண்டாயிரத்துக்கு மேல போன்ல வாங்கினா சார்ஜ் போடுறாங்களாமே" என்று ஒரு பேச்சு வருடா வருடம் கிளம்புகிறது. வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ.யில் வந்தால் 2,000 ஆனாலும் 20,000 ஆனாலும் கடைக்காரருக்குக் கட்டணம் இல்லை. மேலே சொன்ன அரசு ஊக்கத்தொகையின் வரம்பு 2,000, கார்டுக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கின் வரம்பும் 2,000, அடுத்த படியில் வரும் இரண்டு விஷயங்களிலும் அதே 2,000. நான்கும் வேறு வேறு விதிகள், எண் மட்டும் ஒன்று. யாராவது 2,000 என்று சொன்னால் எந்த விதியின் 2,000 என்று திருப்பிக் கேளுங்கள்.

## 6. போனில் வந்தும் குறையும் பணத்தைப் பிரித்தெடுங்கள்

அடுப்புக்கு 2,500 ரூபாய் போனில்தான் வந்தது. கடையில் இருந்த பெட்டியும் "இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் பெறப்பட்டது" என்று சத்தமாகச் சொன்னது. ஸ்டேட்மென்டில் 2,443.95 தான். அந்த அண்ணன் இதைத்தான் திருட்டு என்று குறித்து வைத்திருந்தார்.

நடந்தது இதுதான். 2022 முதல் ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ. செயலியில் இணைத்துக்கொள்ளலாம். வாங்கியவர் உங்கள் கியூ.ஆரை ஸ்கேன் செய்துவிட்டு, வங்கிக் கணக்குக்குப் பதில் அந்தக் கார்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். கையில் போன் இருந்தாலும் வந்தது கடன் பணம். அதனால் கிரெடிட் கார்டு போலவே 1.90 சதவீதம், 47.50, அதன் மேல் வரி 8.55, ஆக 56.05. சின்ன வியாபாரியாகப் பதிந்த கடை என்றால் 2,000 ரூபாய் வரை இதற்கும் கட்டணம் இல்லை. இந்தக் கடை பெரியது, தொகையும் 2,000-க்கு மேல்.

கல்லாவில் நிற்பவருக்கு இது தெரிய வழியில்லை. பெட்டி சொல்லும் குரலில் வித்தியாசம் இருக்காது. ஸ்டேட்மென்டில்தான் யு.பி.ஐ. வரிக்கு எதிரே `CREDIT` என்றோ `RUPAY CC` என்பது போலவோ குறித்திருப்பார்கள். யு.பி.ஐ. வரிகளில் `MDR` கட்டத்தில் பூஜ்யம் இல்லாதவற்றை மட்டும் தனியே குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு வகை, வாலட். செயலியில் முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்து அதிலிருந்து கொடுப்பது. 2,000 ரூபாய்க்கு மேல் வாலட்டிலிருந்து வந்தால் வங்கிகளுக்குள் 1.1 சதவீதம் வரை ஒரு கட்டணம் உண்டு, 2023 ஏப்ரல் 1 முதல். அதை உங்கள் ஒப்பந்தம் உங்கள் மேல் தள்ளியிருக்கிறதா என்று பாருங்கள். நம் பக்கத்துக் கடைகளில் இது அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறது.

இதைக் கேட்டதும் சிலர் கடைக் கியூ.ஆரை எடுத்துவிட்டுத் தன் சொந்த எண்ணை ஒட்டிவிடுகிறார்கள். தனி ஆளின் எண்ணுக்குக் கிரெடிட் கார்டிலிருந்து பணம் வராது, உண்மைதான். ஆனால் கார்டில் கொடுக்க நினைத்தவர் அப்படியே திரும்பிப் போவார். வீட்டுச் செலவும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்து, வருடக் கடைசியில் பிரிக்கவே முடியாமல் போகும். நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

## 7. வாடகையைத் தனியே எழுதுங்கள்

மெஷினுக்கு மாத வாடகை, சத்தமாகச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை, இரண்டும் எம்.டி.ஆர். இல்லை. கருவிக்கான வாடகை, அதன் மேலும் ஜி.எஸ்.டி. உண்டு. யு.பி.ஐ. பணத்துக்குக் கட்டணம் கூடாது என்ற விதி வாடகையைத் தடுக்காது. பலர் மாதத்தில் ஒரு நாள் வரவில் குறைவதைப் பார்த்து "போன் பணத்திலும் பிடிக்கிறார்கள்" என்கிறார்கள். அன்றைய வரவிலிருந்து வாடகையைக் கழித்திருப்பார்கள். பெட்டி வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், கியூ.ஆர். அட்டை மட்டும் இருந்தாலும் பணம் வரும். ஆனால் கூட்டமான நேரத்தில் பொய்யான ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்களிடமிருந்து காப்பாற்றுவது அந்தப் பெட்டிதான்.

## 8. இப்போது கூட்டிப் பாருங்கள்

எல்லாவற்றையும் பிரித்த பிறகுதான் மொத்தம். முதலிலேயே மொத்தத்தைக் கூட்டிக் குறைவதைப் பார்த்தால் கோபம் மட்டும்தான் வரும், காரணம் கிடைக்காது.

அன்றைய ஐந்து பில்லின் மொத்தம் 13,120 ரூபாய். பிடித்தம், மிக்சிக்கு 134.52, இஸ்திரிப் பெட்டிக்கு 13.50, அடுப்புக்கு 56.05, ஆக 204.07. கணக்குக்கு வர வேண்டியது 12,915.93. பாஸ்புக்கில் இது ஒரே வரியாக வராது. போன் பணம் அன்றே வந்திருக்கலாம், கார்டுப் பணம் மறுநாள் வரும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

சில ரூபாய் பொருந்தாவிட்டால் முதலில் நேரத்தைப் பாருங்கள். இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் வந்த பில் அடுத்த நாள் கணக்கில் சேரும். சில மெஷின்களில் கடையை மூடும்போது செட்டில்மென்ட் பட்டனை நீங்களே அழுத்த வேண்டும். அழுத்த மறந்தால் அன்றைய கார்டுப் பணம் நகராது. அடுத்து, வாடிக்கையாளர் தன் வங்கியில் ஆட்சேபம் சொல்லித் திருப்பி வாங்கிய பில் இருக்கிறதா பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் விகிதத்தில்தான் தவறு இருக்கும். எந்தப் பில் என்று கண்டுபிடிக்க, `MDR` தொகையை விற்பனைத் தொகையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். வரும் எண் உங்கள் பட்டியலில் இல்லாத எண்ணாக இருந்தால் அந்தப் பில்லைத்தான் கேட்க வேண்டும்.

## 9. தவறாகப் பிடித்திருந்தால் கேட்கும் வரிசை

கிளைக்குப் போய் வாயால் சண்டை போடுவதில் பயனில்லை. பில் எண், தேதி, தொகை, பிடித்தது, பிடித்திருக்க வேண்டியது என்று ஐந்து கட்டத்தில் எழுதி, மெஷின் கொடுத்தவர்களின் புகார்ப் பிரிவுக்கு அனுப்பிப் புகார் எண்ணை வாங்குங்கள். ரூபே டெபிட்டிலோ, வங்கிக் கணக்கிலிருந்து வந்த யு.பி.ஐ.யிலோ பிடித்திருந்தால் அதைத் தனியாக எழுதுங்கள். அப்படி 2020 ஜனவரி 1-க்குப் பின் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 ஆகஸ்ட் 30 அன்று சுற்றறிக்கையே விட்டிருக்கிறது. அந்தத் தேதியைக் கடிதத்தில் குறிப்பிட்டால் பதில் வேறு மாதிரி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் சரியில்லை என்றாலோ `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் செய்யலாம். வங்கிக்கு எழுதாமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால்தான் முதலில் புகார் எண் வாங்கச் சொன்னேன்.

## 10. கட்டணத்தை வாங்குபவர் மேல் போடும் முன்

"கார்டுக்கு 2% கூடுதல்" என்று எழுதி ஒட்டிய கடைகள் நம் ஊரில் நிறைய. டெபிட் கார்டில் இந்தக் கட்டணத்தை வாங்குபவரிடம் தள்ளக் கூடாது, வங்கிகள் இதைக் கவனிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. கிரெடிட் கார்டுக்கு உங்கள் ஒப்பந்தத்தைப் படியுங்கள், பெரும்பாலும் அதிலும் தடை இருக்கும். அட்டையை ஒட்டுபவர்கள் ரூபே டெபிட்டுக்கும் சேர்த்தே 2 சதவீதம் வாங்கிவிடுகிறார்கள். தங்களிடம் யாரும் பிடிக்காத பணத்தை வாங்குபவரிடம் வாங்குவது அது.

அந்த அண்ணனிடம் நான் சொன்னது வேறு. பில் போடும்போதே "போன்ல போடறீங்களா, கார்டாங்க?" என்று கேட்பதில் தவறில்லை. கியூ.ஆர். அட்டையைக் கல்லாவின் முன்னால் வையுங்கள், மெஷினைப் பின்னால் வையுங்கள். மிக்சி, ஃபிரிட்ஜ் போன்ற பெரிய பொருளின் விலையை வைக்கும்போதே, பத்தில் எத்தனை பேர் கிரெடிட் கார்டில் எடுக்கிறார்கள் என்று பார்த்து அந்தச் செலவை எல்லோருக்குமான விலையில் சேர்த்துவிடுங்கள். அவர் கடையில் பத்துக்கு மூன்று பேர். 6,000 ரூபாய் மிக்சிக்கு 134.52-ஐ மூன்று முறை கொடுத்து, பத்துப் பேருக்குப் பிரித்தால் ஒரு மிக்சிக்கு சுமார் 40 ரூபாய்.

அடுத்த முறை மெஷின் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்போது, இந்த ஒரு நாள் கணக்கை எடுத்து முன்னால் வையுங்கள். கிரெடிட் கார்டு விகிதம் பேசிக் குறைக்கக்கூடியது. மாதம் எவ்வளவு கார்டில் விற்கிறீர்கள் என்று எண்ணோடு சொன்னால், அவர்கள் 1.90-இலிருந்து இறங்க இடமிருக்கிறது. அந்த அண்ணன் இரண்டு இடத்தில் கேட்டு, ஒருவர் கொடுத்த விகிதத்தை மற்றவரிடம் காட்டி, 1.65-க்கு வாங்கினார். அதே 6,000 ரூபாய் மிக்சியில் இப்போது கட்டணம் 99 ரூபாய், வரியோடு 116.82.